நடவு சமயத்தில் பெண்களைக் குழுவாக உட்காரவைத்துப் பேசுவது: எந்த நேரம், சம்மதம் எப்படி?

குடவாசல்_களம்

வணக்கம். திருவாரூர் மாவட்டம், குடவாசல் பக்கம் ஒரு ஊராட்சியில் எங்கள் ஆய்வுக்காக ஆறு குழு உரையாடல்கள் நடத்த வேண்டும். நடவுக்கும் களைக்கும் போகும் பெண்களுக்கு வயலில் குடிதண்ணீர் எப்படிக் கிடைக்கிறது, ஒதுங்க இடம் உண்டா, மாதவிடாய் நாட்களில் என்ன செய்கிறார்கள் என்பதுதான் பொருள். குழுவுக்கு 8 பேர், ஒன்றரை மணி நேரம். அக்டோபர் இரண்டாம் வாரம் சனி, ஞாயிறு இரண்டே நாளில், ஒரு நாளைக்கு மூன்று வீதம் முடிக்கத் திட்டம்: காலை 10, பகல் 12, பிற்பகல் 3.

போன ஞாயிறு காலை 10 மணிக்கு வெள்ளோட்டமாக ஒன்று வைத்தோம். இடம் மாரியம்மன் கோயில் மண்டபம். 8 பேரை அழைத்தோம், 14 பேர் வந்தார்கள். அரை மணியில் நாலு பேர் எழுந்து போய்விட்டார்கள். இரண்டு பேர் மட்டும்தான் பேசினார்கள். சம்மதத் தாளை முழுக்கப் படித்துக் காட்டிய பிறகு ஓர் அம்மா "பேரு எப்ப வரும்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு இன்னும் அஞ்சாறு பேர் ஆதார் நகலோடு வந்து நின்றார்கள். எங்கே தப்பு?

குழுக்கணக்கு

ஞாயித்துக்கிழமைதான் தப்பு தம்பி. கறி எடுக்கிற நாளு, புள்ளைங்க வீட்டுல, வீட்டுக்காரரும் வீட்டுல. யாரு வந்து உக்காருவா?

ரொம்ப எளிசு. அந்த ஊர் மகளிர் குழுத் தலைவியைப் பிடிங்க. மாசக் கூட்டம் என்னைக்குன்னு கேட்டு அன்னைக்கே போயிடுங்க. 12 பேரும் அங்கேயே இருப்பாங்க, தனியா நேரம் கேக்க வேண்டியதில்ல. தீர்மானப் புத்தகத்துல ஒரு வரி எழுதி எல்லார் கையெழுத்தும் வாங்கிட்டா சம்மதமும் ஆச்சு.

சட்டப்புள்ளி

சம்மதம் வாங்குவதில் குழப்பமே தேவையில்லை. ஊராட்சித் தலைவரிடம் ஒரு கடிதம் கொடுத்து முத்திரையோடு ஒப்புதல் வாங்குங்கள். ஊர் ஒப்புக்கொண்ட பிறகு தனித்தனியாக எதற்கு? கிராம சபைத் தீர்மானம் இருந்தால் இன்னும் பலம்.

வரப்போரம்

மூன்று பதிவையும் படித்தேன். முதலில் நேரத்தைப் பேசிவிடுகிறேன், சம்மதத்துக்குப் பிறகு வருகிறேன்.

ஞாயிறு பற்றிக் குழுக்கணக்கு சொன்னது சரி. ஆனால் கிழமையை மாற்றினால் மட்டும் போதாது. அந்த ஊரில் இந்தச் சம்பாவுக்கு நடவா, நேரடி விதைப்பா என்று முதலில் கேளுங்கள். டெல்டாவில் இப்போது பல ஊரில் நேரடி விதைப்பு, இன்னும் சில இடத்தில் இயந்திர நடவு. நேரடி விதைப்பு என்றால் அக்டோபரில் பெண்களுக்கு இருப்பது களையும் நிரவு நடவும்தான். ஒன்பதுக்கு இறங்கி ஒன்று ஒன்றரைக்குக் கரையேறிவிடுவார்கள். கைநடவு ஊர் என்றால் கதை வேறு. ஏழு, ஏழரைக்கே வயலில் இருப்பார்கள். அதிலும் நாள் கூலியா, குத்தகையா என்று பார்க்க வேண்டும். நாள் கூலி நடவு பிற்பகல் இரண்டுக்குள் முடியும். இத்தனை மா நிலத்துக்கு இவ்வளவு கூலி என்று பேசிக்கொண்ட குத்தகை நடவு என்றால் பேசின மா முடிகிறவரை ஏற மாட்டார்கள். மூன்று மணிக்கு வருகிறேன் என்று மனதாரச் சொல்லியிருப்பார், நாற்று வந்து சேரத் தாமதமானால் நாலரை ஆகிவிடும். இதில் அவர் தப்பு ஒன்றுமில்லை.

வயலிலிருந்து வந்ததும் நேராக உங்களிடம் வர முடியாது. சேறு போகக் குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும். டேங்க் ஆபரேட்டர் சாயங்காலம் எத்தனை மணிக்குத் தண்ணீர் திறக்கிறார் என்று அவரிடமே கேளுங்கள். இந்த ஒரு நேரத்தை விசாரிக்காமல் வைத்த கூட்டம்தான் பெரும்பாலும் பாதியில் கலைகிறது. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்தவருக்குக் காது உங்களிடம் இருக்காது, குழாய்ச் சத்தத்தில்தான் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருவது நாலேகால் வாக்கில். பசுமாடு வைத்திருந்தால் சாயங்காலப் பால் ஊற்றும் நேரம் ஒன்று.

இவ்வளவையும் கழித்தால் களை நாட்களில் இரண்டே முக்காலிலிருந்து நாலு மணிவரை ஒரு சந்து கிடைக்கும். அவ்வளவுதான், எழுபத்தைந்து நிமிடம். ஒன்றரை மணி நேரத் திட்டத்தை முதலில் ஒரு மணி நேரமாகக் குறையுங்கள். கேள்வி பதினாலு வைத்திருப்பீர்கள், ஆறாக்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு குழுதான். மூன்று வைத்தால் மூன்றாவதில் நடத்துகிறவருக்கே காது கேட்காது. முதல் குழுவில் என்ன பேசினார்கள் என்பதும் மூன்றாவது குழு உட்காருமுன் தெரு முழுக்கப் போயிருக்கும்.

கைநடவு உச்சத்தில் இருந்தால் இருபது நாள் தள்ளிப்போடுங்கள். சிலர் ராத்திரி ஏழரைக்கு மேல் வைக்கிறார்கள். ஆட்கள் வருவார்கள், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் பொருளுக்கு அது ஆகாது. ஆண்கள் வீட்டில் இருக்கும் நேரம், திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். குடித்துவிட்டு வருகிற வீடும் இருக்கும், "எங்க போயிட்டு வர்ற?" என்ற கேள்விக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். கூட்டம் முடிந்து இருட்டில் திரும்பவும் வேண்டும்.

நாளைக் குறிக்குமுன் இன்னொன்றும் பாருங்கள். நுண்கடன் கம்பெனி லோன்காரர்கள் வாரத் தவணைக்குத் தெருவில் உட்காரும் நாள் ஒன்று இருக்கும். அன்று காலையிலிருந்தே பணம் புரட்டும் பதற்றம். நூறு நாள் வேலை நடந்தால் வருகைப் பதிவுக்காகக் காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம் எடுப்பார்கள். அந்த இரண்டாவது படம் எடுக்காமல் அவர்கள் கிளம்பினால் கூலி போகும். 15-ம் தேதியைத் தவிருங்கள், அதற்குக் காரணம் கீழே வரும்.

நிலக்கோட்டை_மல்லி

மூணு மணி எல்லா ஊருக்கும் ஒத்து வராதுங்க. எங்க பக்கம் மல்லிகை. விடியுறதுக்கு முன்னாடியே தோட்டத்துல மொட்டு எடுக்க இறங்கிருவாக, டார்ச்சைத் தலையில கட்டிக்கிட்டு. வெயில் ஏற ஏறப் பூ மார்க்கெட்டுக்குப் போயாகணும். திரும்பி வந்து சமைச்சு முடிச்சா பதினோரு மணி. பதினொண்ணுலேர்ந்து ஒண்ணு வரைக்கும்தான் உக்காந்து பேசலாம். ரெண்டு மணிக்குக் கூப்பிட்டா தூக்கத்துல சொக்கி விழுவாக, விடியல்ல எந்திரிச்ச உடம்பு. மார்ச்சுலேர்ந்து நாலு மாசம் பூ வரத்து அதிகம், அப்ப கூப்பிடவே கூடாது.

வரப்போரம்

மல்லி சொல்வது முக்கியம். மூன்று மணி என்பது சூத்திரம் இல்லை. யாரிடமாவது கேட்டுக் குறித்த நேரமாக இருக்க வேண்டும், அதிலும் வேலைக்குப் போகிறவரிடமே கேட்க வேண்டும். "உங்களுக்கு எப்ப வசதி?" என்று கேட்டால் "எப்ப வேணா வாங்க" என்றுதான் வரும், அது உபசாரம். "நேத்து எத்தனை மணிக்கு எந்திரிச்சீங்க, அப்புறம் என்ன செஞ்சீங்க?" என்று நேற்றைய நாளை விளக்கு வைக்கும்வரை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூன்று வீட்டில் கேட்டால் போதும், சந்து எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த மூன்றில் ஒன்று கைக்குழந்தை உள்ள மருமகள் வீடாக இருக்கட்டும். மாமியார் சொல்லும் நேரமும் மருமகளின் நேரமும் ஒன்றில்லை.

இப்போது இடம். மாரியம்மன் கோயில் மண்டபம் என்றீர்கள். காலனித் தெருப் பெண்கள் எத்தனை பேர் வந்தார்கள்?

குடவாசல்_களம்

மூன்று பேர். இப்போது யோசித்தால், எழுந்து போன நாலு பேரில் அந்த மூவரும் இருந்தார்கள். மண்டபத்துக்கு உள்ளே ஏறாமல் படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள், நாங்கள் கூப்பிட்டும் வரவில்லை.

வரப்போரம்

அந்தப் படிதான் உங்களுக்கு விடை. மாதவிடாயைப் பற்றிப் பேசக் கோயிலுக்கு அழைத்திருக்கிறீர்கள் என்பது இன்னொன்று. அன்று விலக்காக இருந்தவர் காரணம் சொல்லாமல் வராமலே இருந்திருப்பார்.

இரு தெருப் பெண்களையும் ஒரே குழுவில் சேர்க்காதீர்கள். ஒன்றாக உட்கார்ந்தால் நல்லதுதானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் குடிதண்ணீர் என்றாலே யார் குடத்திலிருந்து யார் குடிக்கிறார்கள் என்ற பேச்சு வரும், அதைச் சேர்த்து உட்காரவைத்தால் ஒருத்தரும் சொல்ல மாட்டார். ஆள் சேர்க்கும் அம்மாவையும் தனியாக வையுங்கள். நாளைக்கு நடவுக்கு யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்பவர் எதிரே இருந்தால், "தண்ணியெல்லாம் தருவாங்க" என்பதோடு பேச்சு முடியும். மாமியாரும் மருமகளும் ஒரே குழுவில் வேண்டாம். ஆறு குழுவையும் இப்படிப் பிரித்தாலே கணக்கு சரியாகிவிடும்: காலனித் தெருவில் இளையவர்கள், மூத்தவர்கள், ஊர்த் தெருவில் அதேபோல் இரண்டு, கொஞ்சம் சொந்த நிலமும் வைத்துக்கொண்டு கூலிக்கும் போகிறவர்கள் ஒன்று, ஆள் சேர்ப்பவர்கள் ஒன்று. ஆள் சேர்ப்பவர்கள் ஓர் ஊராட்சியில் நாலைந்து பேர்தான் தேறுவார்கள், அது போதும்.

அந்தந்தத் தெருவிலேயே இடம் பாருங்கள். வெளியிலிருந்து பார்வை படாத பின்கட்டு, பக்கத்தில் கழிப்பறை, குழந்தையைக் கிடத்த நிழல். தகரக் கூரையைத் தவிருங்கள். அக்டோபரில் மழை பிடித்தால் பதிவில் மழைச் சத்தம் மட்டும்தான் இருக்கும்.

குழுக்கணக்கு

அங்கன்வாடியில வெச்சா என்ன? பொதுவான இடம், கழிப்பறை இருக்கு, புள்ளைங்களுக்கும் விளையாட இருக்கு.

வரப்போரம்

கட்டடம் நல்ல கட்டடம்தான். குழந்தைகள் போன பிறகு, பணியாளர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார் என்றால் எடுத்துக்கொள்ளலாம். அவர் கூடவே இருந்தால் வேண்டாம். சத்துமாவு தருகிறவர், பதிவேட்டில் பெயர் எழுதுகிறவர் அங்கே உட்கார்ந்திருந்தால் உங்களையும் அரசாங்கம் என்றுதான் நினைப்பார்கள். அதோடு எந்தத் தெருவில் அங்கன்வாடி இருக்கிறது என்பதும் இருக்கிறது.

மகளிர் குழுக் கூட்ட நாள் யோசனையும் பாதிதான் சரி. பெண்களை அறிமுகப்படுத்த, நாளைச் சொல்ல அந்தக் கூட்டம் நல்ல வழி. ஆனால் அன்றே அங்கேயே நடத்தினால் தவணை கட்டாதவர் வந்திருக்க மாட்டார், குழுவிலேயே சேராத ஏழைப்பட்டவர் கணக்கிலேயே வர மாட்டார். தலைவி "எல்லாரும் போடுங்க" என்றதும் தீர்மானப் புத்தகத்தில் விழுகிற கையெழுத்து கடனுக்குப் போடுகிற கையெழுத்து மாதிரிதான். வேண்டாம் என்று சொல்ல அங்கே வழியே இல்லை. வேண்டாம் என்று சொல்ல வழியில்லாத இடத்தில் வாங்கியதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ள முடியாது.

சட்டப்புள்ளிக்கும் இதே பதில்தான். தலைவரிடம் கடிதம் கொடுங்கள், கொடுக்கத்தான் வேண்டும், இல்லையென்றால் யார் இவர்கள் என்று இரண்டாம் நாளே கேள்வி வரும். ஆனால் அது ஊருக்குள் வர அனுமதி. அந்த அம்மா வாய் திறக்க அனுமதி அவரிடம்தான் வாங்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளும் சமூகத் தலைவரின் ஒப்புதல் தனிநபர் சம்மதத்துக்கு மாற்று ஆகாது என்றுதான் வைத்திருக்கின்றன.

சட்டப்புள்ளி

சரி, நான் கேள்வியை ஊர் அனுமதி என்று புரிந்துகொண்டேன். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கச் சாட்சி வேண்டும், அதற்காவது தலைவரோ உறுப்பினரோ போடலாமே?

வரப்போரம்

சாட்சி வேண்டும் என்பது சரி. ஆனால் ஆய்வுக் குழுவைச் சேராதவராக, அந்தப் பெண்ணுக்கு மேலே அதிகாரம் இல்லாதவராக, படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்பிள்ளை தெருவுக்குத் தெரு இருப்பாள். வார்டு உறுப்பினர் வேண்டாம்.

கைநாட்டு பற்றி ஒரு வார்த்தை. மை டப்பாவை எடுத்து வைத்த உடனே முகம் மாறும். ரேகை வைப்பது என்றால் அவர்களுக்கு லோன், ரேஷன், பத்திரம், இந்த மூன்றுதான். ஆய்வுக்கு அனுமதி தரும் உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு இசைந்தால் வாய்மொழிச் சம்மதம் வாங்கி, சாட்சி கையெழுத்து போடுவது இந்தப் பொருளுக்குப் பொருத்தம். முன்கூட்டியே விண்ணப்பத்தில் கேட்டு வாங்க வேண்டும், களத்தில் போய் மாற்ற முடியாது.

இப்போது "பேரு எப்ப வரும்". 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் 15-ம் தேதி வாக்கில் கணக்கில் ஏறுகிறது. வராதவர்கள் ஊருக்குப் பத்து வீடு இருக்கும். வெளியாள் தாளும் பேனாவுமாக வந்து பெயர், வயது, கணவர் பெயர் என்று தொடங்கினால் அவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? உங்கள் தாளைப் பார்க்காமலே சொல்கிறேன், முதல் வரி நிறுவனத்தின் பெயரும் ஆய்வின் நோக்கமும். ஆய்வு என்ற சொல்லே அவர்களுக்கு மேலதிகாரி வந்து பார்ப்பதுதான்.

குடவாசல்_களம்

அப்படியேதான் இருக்கிறது அக்கா. "இவ்வாய்வில் தங்களது பங்கேற்பு முற்றிலும் தன்னார்வமானது" என்று தொடங்குகிறது. ஒரு பக்கம் முழுக்க. இதை எப்படிச் சொல்வது?

வரப்போரம்

தாள் நெறிமுறைக் குழுவுக்கு. வாயால் சொல்வதையும் எழுதி அவர்களிடமே ஒப்புதல் வாங்குங்கள், அப்போதுதான் ஆளுக்கொரு விதமாகச் சொல்ல மாட்டீர்கள். இரண்டு தடவை சொல்ல வேண்டும். முதல் நாள் வீட்டு வாசலில் தனியாக, மறுநாள் குழுவில் உட்கார்ந்ததும். வாசலில் சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"அக்கா, நான் இன்ன ஊர்ல இன்ன காலேஜ்லேர்ந்து வர்றேன். கவர்மெண்ட் இல்ல, லோன் இல்ல, கட்சி இல்ல. இதுல பேரு குடுத்தா பணமோ வீடோ வராது, குடுக்காட்டி இருக்கறது எதுவும் நிக்காது. வயல் வேலைக்குப் போறப்ப தண்ணிக்கும் ஒதுங்கறதுக்கும் என்ன செய்யறீங்கன்னு ஏழெட்டுப் பேரா உக்காந்து ஒரு மணி நேரம் பேசப்போறோம். வீட்டுக்குத் தூரமான நாளுல என்ன செய்வீங்கன்னும் கேப்போம். பேசறத இந்த மெஷின்ல பிடிப்போம், எழுதி முடிச்சதும் அழிச்சிடுவோம். பேரு எங்கயும் எழுத மாட்டோம். நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம், ஆனா கூட உக்காந்திருக்கறவங்க வெளிய சொல்ல மாட்டாங்கன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. அதனால சொல்ல வேணாம்னு தோணறத சொல்லாதீங்க. வர வேணாம்னா வர வேணாம். வந்து பாதியில எந்திரிச்சுப் போனாலும் யாரும் ஏன்னு கேக்க மாட்டோம்."

இதில் பலர் விட்டுவிடுவது கூட உட்கார்ந்திருப்பவர் பற்றிய வாக்கியம். தனிப் பேட்டிக்கு எழுதின தாளைக் குழுவுக்கும் பயன்படுத்துவதால் "நீங்கள் சொல்வது ரகசியமாக இருக்கும்" என்று வந்துவிடுகிறது. குழுவில் அந்த வாக்குறுதி பொய். இதைச் சொல்லிவிட்டால் கேள்வியும் மாற வேண்டும். "உங்களுக்கு அப்படி நடந்ததா" என்று கேட்காதீர்கள், "இந்தப் பக்கம் வேலைக்குப் போறவங்க பொதுவா என்ன செய்வாங்க" என்று கேளுங்கள். மேஸ்திரி, நிலத்துக்காரர் தொந்தரவு என்று யாராவது தன் கதையைத் தொடங்கினால் அங்கேயே மெதுவாக நிறுத்தி, அப்புறம் தனியாகப் பேசலாம் என்று சொல்ல வேண்டும். மறுநாள் அவர் வேலை போனால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது.

சொல்லி முடித்த பிறகு "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். தலையாட்டல்தான் வரும். "நாளைக்குப் பாதியில மழை வந்து நெல்லு நனையுதுன்னு வைங்க, என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். "உங்ககிட்ட கேட்டுட்டுப் போவேன்" என்றால் புரியவில்லை என்று அர்த்தம். கேட்க வேண்டியதில்லை என்று திரும்பச் சொல்லுங்கள். "வீட்டுல கேட்டா எதுக்குப் போறேன்னு சொல்வீங்க?" என்பது இரண்டாவது. "ஏதோ எழுதிக் குடுக்கறாங்களாம்" என்று வந்தால் இன்னும் திட்டம்தான் மனதில் இருக்கிறது.

மறுப்பையும் கேட்கப் பழக வேண்டும். கிராமத்தில் யாரும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வதில்லை. "பாக்கலாம்", "வேலை இருக்கே", "அவரு கிட்ட கேட்டுச் சொல்றேன்" எல்லாம் மறுப்பாக இருக்கலாம். ஒரு தடவை நேரத்தை மாற்றிக் கேளுங்கள். இரண்டாவது தடவையும் அதே பதில் என்றால் குறிப்பில் மறுத்தார் என்று எழுதிவிட்டு வந்துவிடுங்கள். மூன்றாவது தடவை வாசலில் நின்றால் அது வற்புறுத்தல். இப்படிப் போகும் என்பதால்தான் ஏழு பேர் வேண்டுமென்றால் பத்துப் பேரை அழைப்பது.

பதிவுக்கருவி

பதிவைக் கேட்டு எழுதித் தருகிற வேலை செய்கிறவன், அந்தப் பக்கத்திலிருந்து சில விஷயம்.

சம்மதம் வாங்கி முடிக்கும் முன்பே கருவியை ஓடவிட்டுவிடுகிறார்கள். முதல் பத்து நிமிடம் பெயர், ஊர், யார் மருமகள் என்று எல்லாம் பதிந்திருக்கும். பிறகு பெயர் நீக்கப்பட்டது என்று அறிக்கையில் எழுதுகிறார்கள். எல்லோரும் சரி என்ற பிறகு கருவியைக் காட்டி, அவர்கள் கண்ணெதிரே பொத்தானை அழுத்துங்கள். ஒருத்தர் பதிவு வேண்டாம் என்றாலும் அந்தக் குழுவுக்குக் குறிப்பு மட்டும்தான். அதற்காகவே வேகமாக எழுதுகிற இன்னொருவர் கூட இருக்க வேண்டும்.

இரண்டு கருவி வையுங்கள், பாயின் இரண்டு மூலையில். கைப்பேசி என்றால் விமான நிலையில் போடுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே வைக்காதீர்கள். ஒரு மணி நேரக் குழுப் பேச்சை எழுத ஆறேழு மணி நேரம் ஆகிறது. எட்டுப் பேருக்கு மேல் போனால் யார் குரல் என்றே பிரிக்க முடியாது. 14 பேர் பதிவை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

பெயருக்குப் பதில் பூப்பெயர் சீட்டு கொடுப்பார்கள், மல்லி, முல்லை, கனகாம்பரம் என்று. "முல்லை அக்கா சொல்லுங்க" என்றால் பதிவில் தெளிவாக இருக்கும், நல்ல பழக்கம்.

நிலக்கோட்டை_மல்லி

பூப்பேரு வேணாம்ங்க. கூட்டத்துல தாலி அறுத்தவுக ரெண்டு பேராவது இருப்பாக. அவுக கையில மல்லின்னு சீட்டைக் குடுத்தா சுத்தி இருக்கறவுக பாக்குற பார்வை இருக்கே. காய்ப்பேரு வைங்க, இல்லேன்னா நம்பர்.

பதிவுக்கருவி

இது எனக்குத் தோன்றவே இல்லை. அவரைக்காய் அக்கா, புடலை அக்கா என்றால் சிரித்துக்கொண்டே தொடங்குவார்கள், அதுவும் நல்லதுதான். எண் வேண்டாம், எட்டு சொன்னதா ஒன்று சொன்னதா என்று குழம்பும்.

குடவாசல்_களம்

பணம் பற்றிக் கேட்க வேண்டும். அரை நாள் கூலி அளவுக்கு ஏதாவது கொடுக்கலாம் என்கிறார் எங்கள் வழிகாட்டி. கொடுத்தால் பணத்துக்காக வந்ததாக ஆகாதா?

குழுக்கணக்கு

குடுக்கவே கூடாது. ஒரு தடவை குடுத்தா அடுத்து வர்றவங்க எல்லாரும் குடுக்கணும். டீ, சுண்டல் போதும். இத்தனை வருஷமா அப்படித்தான் நடக்குது.

வரப்போரம்

இங்கே எனக்கும் குழுக்கணக்குக்கும் ஒத்துப்போகாது. களை நாளில் கூலி விட்டுவிட்டு வரச் சொன்னால் விட்ட கூலியைத் தருவதுதான் நியாயம். இழந்த நேரத்துக்கும் போக்குவரத்துக்கும் ஈடு தரலாம், ஆசை காட்டும் அளவு கூடாது என்பதுதான் அந்த 2017 நெறிமுறைகளின் போக்கும். ஆனால் வேலை முடிந்த சந்தில் வைக்கிறீர்கள் என்றால் விட்ட கூலியே இல்லை, அப்போது தொகை குறைவாக இருக்கட்டும். அளவை நெறிமுறைக் குழு முடிவு செய்யட்டும்.

கொடுப்பதென்றால் உட்கார்ந்த உடனே கொடுத்துவிடுங்கள். கடைசியில் கொடுத்தால் "பாதியில் போகலாம்" என்று நீங்கள் சொன்னதற்கு அர்த்தமில்லை, பணத்துக்காக உட்கார்ந்திருப்பார்கள். வாசலில் அழைக்கும்போது தொகையை முன்னால் வைக்காதீர்கள், கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

டீ காகிதக் கோப்பையில், எல்லாத் தெருவிலும் ஒரே மாதிரி. ஊரில் யார் வீட்டிலாவது போட்டுத் தரச் சொன்னால் அந்த வீட்டு டீயை யார் குடிப்பார், யார் குடிக்க மாட்டார் என்று வந்துவிடும். கடையில் வாங்கி பிளாஸ்கில் கொண்டு போங்கள்.

சட்டப்புள்ளி

பணம் கொடுத்தால் கணக்குப் பிரிவு ரசீது கேட்கும். பெயர், கையெழுத்து, சில இடத்தில் ஆதார் நகல் வரை. பெயரே எழுத மாட்டோம் என்று சொல்லிவிட்டு ரசீதில் எழுதினால்?

வரப்போரம்

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ரசீதுக் கட்டைத் தனியாக வைத்து, பேச்சுப் பதிவோடு சேராமல், எந்தக் குழு என்று எழுதாமல் கொடுப்பது ஒரு வழி. அப்படியென்றால் "பேரு எங்கயும் எழுத மாட்டோம்" என்ற வரியை மாற்றிச் சொல்ல வேண்டும்: "பணம் குடுத்ததுக்கு மட்டும் ஒரு கையெழுத்து, அதுல நீங்க பேசினது எதுவும் இருக்காது." சொன்ன உடனே இரண்டு பேர் பணமே வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஆதார் நகல் மட்டும் வாங்கவே கூடாது. கணக்குப் பிரிவோடு களத்துக்குப் போகுமுன் பேசி, சாட்சி கையெழுத்தோடு ஒட்டுமொத்த ரசீது ஏற்பார்களா என்று கேளுங்கள். சில இடத்தில் ஏற்கிறார்கள்.

பதிவுக்கருவி

பொருளாகக் கொடுத்தால் ஒரே கடை ரசீது போதும். வயலுக்குக் கொண்டு போகிற மாதிரி ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். உங்கள் பொருளுக்கும் ஒட்டும்.

நிலக்கோட்டை_மல்லி

தண்ணியப் பத்திப் பேசிட்டுத் தண்ணி பாட்டிலா? அதைப் பாத்ததும் இவுக என்ன கேக்க வந்தாகன்னு தெரிஞ்சு அதுக்கேத்த மாதிரி பேசுவாக. டிபன் டப்பா குடுங்க.

குடவாசல்_களம்

பதினேழு வயதுப் பெண்கள் இரண்டு பேர் களைக்குப் போகிறார்கள். அவர்களைச் சேர்க்கலாமா?

வரப்போரம்

18 நிறையாதவர் என்றால் பெற்றோர் சம்மதமும் அந்தப் பெண்ணின் விருப்பமும் இரண்டும் வேண்டும், அவர்களுக்கென்று தனிக் குழுவும் வேண்டும். ஆறு குழுவில் அதற்கு இடமில்லை. இந்தத் தடவை விட்டுவிடுங்கள்.

குடவாசல்_களம்

இன்று மூன்று வீட்டில் நேற்றைய நாளைக் கேட்டு எழுதினேன். பாதி நிலம் நேரடி விதைப்பு, பாதி கைநடவு. டேங்க் ஆபரேட்டர் நாலு மணிக்குத் திறக்கிறார். லோன் தவணை புதன்கிழமை. காலனித் தெருவில் கைக்குழந்தை உள்ள ஒரு மருமகள், "மூணு மணிக்குக் குழந்தை தூங்கும், அப்ப வரேன், ஆனா எங்க மாமியார் இருக்கற கூட்டத்துக்கு வேணாம்" என்று தானாகவே சொன்னார்.

முதல் குழு வியாழன், இரண்டே முக்காலுக்குக் காலனித் தெரு இளையவர்களோடு. தாளைத் தூக்கி வைத்துவிட்டு நீங்கள் எழுதியதை எங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாற்றி நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன், பதில் வந்தால்தான் வியாழன். பழைய பதிவை என்ன செய்வது என்று தெரியவில்லை. 14 பேர் குரலும் பெயரோடு இருக்கிறது, அவர்கள் திட்டம் என்று நினைத்துத்தான் பேசினார்கள்.

வரப்போரம்

அதைப் பயன்படுத்த முடியாது. நடந்ததை நெறிமுறைக் குழுவுக்கு எழுதித் தெரிவித்துவிட்டு அவர்கள் சொன்னபடி அழியுங்கள். ஆதார் நகலோடு வந்தவர்களிடம் நகலை வாங்கி வைத்திருக்கிறீர்களா? வாங்கியிருந்தால் வியாழனுக்கு முன்னால் வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

குடவாசல்_களம்

நாலு பேருடையது இருக்கிறது. நாளைக் காலை வேண்டாம், அவர்கள் வயலுக்குப் போய்விடுவார்கள். மூன்று மணிக்குப் போகிறேன்.